டியூஷன் பீஸ் பில்: நடக்காத வகுப்புக்கு இரண்டு முறை கழிகிறது, எங்கே தவறு?

கும்பகோணம் டீச்சர்:
வணக்கம். ஆறு வீடுகளுக்குப் போய் 9, 10-ம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள். மாதம் 2400 ரூபாய், 5-ம் தேதிக்குள் முன்கூட்டியே வாங்கிவிடுவேன். இவ்வளவு நாள் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். செப்டம்பரிலிருந்து போனிலேயே எக்ஸெலில் போட்டு, பெற்றோருக்கு வாட்ஸப்பில் பில் அனுப்புகிறேன்.

என் கணக்கு இதுதான். மாதக் கட்டணத்தை அந்த மாதத்து வகுப்பு நாட்களால் வகுத்து ஒரு வகுப்புக்கு எவ்வளவு என்று எடுப்பேன். நடக்காத வகுப்புக்கு அதைக் கழிப்பேன். ஒரு வீட்டில் செப்டம்பரில் 13 வகுப்பு, எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நடக்கவில்லை. 369 ரூபாயைக் கழித்து அக்டோபருக்கு 2031 வாங்கினேன். அக்டோபரில் 14 நாள். நடக்காமல் போனது கடைசியில் ஒன்றுதான். அதற்கு 171 ரூபாய். அப்படியென்றால் நவம்பர் பில் 2229 வரவேண்டும். ஷீட் 2057 காட்டுகிறது. நான் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். அந்தப் பையனின் அப்பாதான் கூப்பிட்டு, "டீச்சர், உங்களுக்கு நஷ்டமாகப் போட்டிருக்கிறீர்களே" என்றார். கூடவே இன்னொன்றும் கேட்டார்: "போன மாசம் ஒரு வகுப்புக்கு 184 ரூபாய், இந்த மாசம் 171-ஆ?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மொத்தத்துக்கு நான் போட்டிருப்பது:

```
=B3-D3*E3-G3
```

B கட்டணம், D நடக்காதவை, E ஒரு வகுப்பு விலை. G என்பது போன மாதத்திலிருந்து வருவது. அதில் போன மாதத்துக் கழிவையும், அதிகமாக வாங்கிய பணம் இருந்தால் அதையும் கூட்டி வைத்திருக்கிறேன்.

எக்ஸெல் தம்பி:
அக்கா, நாட்களைக் கையால் எண்ணாதீர்கள், அதில்தான் தவறு வரும். இதைப் போடுங்கள்:

```
=NETWORKDAYS.INTL(DATE(2025,10,1),DATE(2025,10,31),"0101011")
```

அந்த ஏழு எண்களும் திங்களில் தொடங்கி ஞாயிறு வரை. 0 என்றால் வகுப்பு உண்டு, 1 என்றால் இல்லை. அக்டோபருக்கு 14 வரும். அப்புறம் 2400-ஐ இதால் வகுத்து ROUND போட்டால் சரியாகிவிடும்.

கும்பகோணம் டீச்சர்:
போட்டேன் தம்பி, 14-தான் வருகிறது. ஆனால் என் எண்ணிக்கையும் 14-தானே? 2057 மாறவில்லை.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
இந்த வம்பே வேண்டாம் என்றுதான் நாங்கள் டியூஷன் சென்டரில் சேர்த்தோம். அங்கே பிள்ளை போனாலும் போகாவிட்டாலும் முழுக் கட்டணம். போன வருஷம் என் பெண்ணுக்கு அம்மை போட்டுப் பதினைந்து நாள் போகவில்லை, ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. கழித்துக் கொடுக்கும் டீச்சர் கிடைத்ததே பெரிது. ஆமாம், நீங்கள் பில் கொடுக்கும்போது ஜிஎஸ்டி எண் போட வேண்டாமா?

பேரேடு:
சார், சேவைத் தொழிலில் வருஷ வருமானம் 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆறு வீட்டு டியூஷன் அந்தப் பக்கமே போகாது. பதிவு இல்லாதவர் பில்லில் வரி என்று ஒரு வரி எழுதவும் கூடாது.

டீச்சருக்கு வருகிறேன். நான் பதினோரு வருஷமாக வீட்டுக்குப் போய்ப் பாடம் எடுக்கிறவன், அதற்கு முன்னால் ஒரு கடையில் கணக்கு எழுதினேன். உங்கள் ஷீட்டில் இரண்டு தனித்தனிக் கோளாறு இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் 2057. அக்டோபருக்கான பணத்தை 5-ம் தேதிக்குள் வாங்கிவிட்டீர்கள். அந்தக் கணக்கு அன்றோடு முடிந்தது. ஆனால் உங்கள் சூத்திரத்தில் D3 இருக்கிறதே, அது அக்டோபரில் நடக்காத வகுப்பு. மாதக் கடைசியில் அதில் 1 என்று போட்டதும், ஏற்கெனவே வாங்கி முடித்த அக்டோபர் மொத்தம் 2031-லிருந்து 1860-க்கு இறங்குகிறது. உடனே ஷீட் "171 ரூபாய் அதிகமாக வாங்கியிருக்கிறீர்கள்" என்று நினைத்துக்கொள்கிறது. அந்த 171 நவம்பருக்குப் போகிறது. கூடவே அக்டோபர் கழிவு என்று இன்னொரு 171-ம் போகிறது. இரண்டும் ஒரே வகுப்புக்கான பணம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: பணம் வாங்கிய பிறகு, அந்த மாதத்து வருகையில் எதையாவது மாற்றிப் பாருங்கள். அந்த மாத மொத்தமே அசைந்தால் கோளாறு அங்கேதான். முன்பணம் வாங்குகிறவருக்கு இந்த மாதக் கழிவு இந்த மாத மொத்தத்தைத் தொடவே கூடாது, அடுத்த மாதத்தில்தான் விழ வேண்டும்.

இனி 184-ம் 171-ம். அந்த அப்பா கேட்டது நியாயம். மாதத்துக்கு மாதம் வகுக்கும் எண் மாறினால் விலையும் மாறத்தான் செய்யும். தம்பி சொன்னபடி எண்ணிக்கை சரியாக வரும், ஆனால் இந்தக் கேள்வி அப்படியே நிற்கும். பிப்ரவரியில் 28 நாள், சரியாக 12 வகுப்பு. 30 நாள் மாதத்தில் 12 அல்லது 13. 31 நாள் மாதத்தில் 13 அல்லது 14. எந்த மாதத்திலும் 12-க்குக் கீழே போகாது. அதனால் "மாதம் 12 வகுப்புக்கு 2400, ஒரு வகுப்பு 200" என்று வைத்துவிடுங்கள். 12-க்கு மேல் வரும் நாட்கள் பண்டிகைக்கு. 2025-இல் திங்கள், புதன், வெள்ளி மொத்தம் 157. மாதம் 12 என்றால் 144. மீதி 13 நாள் கையில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் அதிலிருந்துதான் போகும், கழிக்க வேண்டியதில்லை.

அந்தப் பையனின் அக்டோபரை நாள்வாரியாகப் போடுங்களேன், பார்க்கலாம்.

கும்பகோணம் டீச்சர்:
நோட்டில் இருப்பது அப்படியே: 1-ம் தேதி ஆயுத பூஜை, 20 தீபாவளி. 22 நல்ல மழை, தெருவெல்லாம் தண்ணீர், போக முடியவில்லை. 24 எனக்கு உடம்பு சரியில்லை. 26 ஞாயிற்றுக்கிழமை போய் ஈடு செய்தேன். 15-ம் தேதி நான் போனபோது வீடு பூட்டியிருந்தது, கல்யாணத்துக்குப் போய்விட்டார்களாம், எனக்குச் சொல்லவில்லை. மற்ற ஒன்பது நாளும் ஒழுங்காக நடந்தது.

பேரேடு:
நல்லது. நடந்தவை ஒன்பது, ஈடு ஒன்று, ஆகப் பத்து. பூட்டியிருந்த வீட்டுக்கு நீங்கள் போய் நின்றீர்கள், அதுவும் ஒரு வகுப்பாகக் கணக்கில் சேரும். மொத்தம் 11. 12-க்கு ஒன்று குறை. 200 ரூபாய் அடுத்த மாதம் கழிய வேண்டும். மழையா, காய்ச்சலா, யார் காரணம் என்றெல்லாம் தனித்தனியாகப் பிரித்துக் கழிக்க வேண்டியதே இல்லை பாருங்கள்.

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தாள் வைத்து, A-இல் தேதி, B-இல் ஓரெழுத்து. P நடந்தது (ஈடு வகுப்பும் P-தான்), N சொல்லாமல் வராதது, H பண்டிகை, X நடக்காதது. கழிவுக்கு:

```
=MAX(0,12-COUNTIF(B2:B20,"P")-COUNTIF(B2:B20,"N"))*200
```

MAX எதற்கென்றால், 13 வகுப்பு நடந்த மாதத்தில் பெற்றோரிடம் கூடுதலாக 200 கேட்டுவிடக் கூடாது. அடுத்த மாதப் பில் என்பது 2400-லிருந்து இந்த ஓர் எண்ணைக் கழிப்பது. வேறு எதையும் அங்கே சேர்க்காதீர்கள்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
இதில் எனக்கு உடன்பாடில்லை சார். 13 நாள் வரும் மாதத்தில் டீச்சர் ஒரு நாள் லீவு போட்டால் 12 நடந்திருக்கும், உங்கள் கணக்கில் ஒன்றும் கழியாது. பெற்றோர் பார்வையில் ஒரு வகுப்பு போனது போனதுதானே?

பேரேடு:
முதலிலேயே "மாதம் 12" என்று சொல்லிவிட்டால் போனதாக ஆகாது. ஆனால் நீங்கள் சொல்வதுபோல டீச்சரின் ஒவ்வொரு லீவுக்கும் 200 கழிக்கிறவர்களும் உண்டு. எதுவானாலும் வருஷ ஆரம்பத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், நடுவில் மாற்றினால்தான் சண்டை. டீச்சர், செப்டம்பரில் கொடுத்த 369-ஐத் திரும்பக் கிளறாதீர்கள். புதுக் கணக்கில் 11 வகுப்புக்கு 200-தான் வரும், இருந்தாலும் பழைய முறையில் சொல்லிக் கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கட்டும்.

கும்பகோணம் டீச்சர்:
சார், புதுத் தாள் போட்டுவிட்டேன். ஆனால் 200-க்குப் பதில் 400 வருகிறது. P எல்லாம் பத்தும் இருக்கிறது, கண்ணால் இரண்டு தடவை எண்ணிவிட்டேன். N-ம் இருக்கிறது.

எக்ஸெல் தம்பி:
அக்கா, போனில் தட்டினீர்களா? சில கீபோர்டு மேலே வரும் பரிந்துரையைத் தொட்டால் எழுத்துக்குப் பின்னால் ஓர் இடைவெளியும் சேர்த்துவிடும். "P" வேறு, "P " வேறு, COUNTIF இரண்டாவதை எண்ணாது. C2-இல் `=LEN(B2)` போட்டுக் கீழே வரை இழுங்கள். எல்லாம் 1 வரவேண்டும்.

கும்பகோணம் டீச்சர்:
27-ம் தேதிக்கு நேராக 2 வருகிறது! அழித்து மறுபடி P போட்டதும் 200 ஆகிவிட்டது. ரொம்ப நன்றி தம்பி. சின்ன p போட்டால் பரவாயில்லையா?

எக்ஸெல் தம்பி:
பரவாயில்லை, COUNTIF சின்ன எழுத்தையும் எண்ணும். ஆனால் இனிமேல் தட்டவே வேண்டாம். கம்ப்யூட்டர் கிடைக்கும்போது B பத்தியைத் தேர்ந்து Data Validation போய், List-இல் P,N,H,X என்று கொடுத்துவிடுங்கள். அப்புறம் போனில் தொட்டுத் தேர்ந்தெடுத்தால் போதும். மாதக் கணக்கில் நான் சொன்னது தப்பு, பேரேடு சார் சொன்னதுதான் சரி.

பேரேடு:
ஒரு மாணவர் நின்றுவிட்டால் கடைசி மாதக் கழிவுக்கு அடுத்த பில் கிடையாது. அதைப் பணமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மறந்துவிடுகிற இடம் அது.

கும்பகோணம் டீச்சர்:
சரி சார். அந்த அப்பாவுக்கு இப்போது அனுப்பிய பில்:

```
நவம்பர் கட்டணம் (12 வகுப்பு)   2400
அக்டோபரில் நடந்தவை           10
சொல்லாமல் விட்டது (15-ம் தேதி)  1
குறை 1 வகுப்பு                -200
நவம்பரில் தர வேண்டியது        2200
```

"இப்போ புரியுது டீச்சர்" என்று பதில் போட்டு ஜிபேயில் 2200 அனுப்பிவிட்டார். அவர் மனைவி மட்டும் 15-ம் தேதியைக் கணக்கில் சேர்த்தது சரியா என்று தனியாகக் கேட்டிருக்கிறார். முதல் நாளே சொல்லியிருந்தால் X, இல்லையென்றால் N என்று இந்த வருஷம் நான் யாரிடமும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்த ஒரு தடவை விட்டுக்கொடுத்து டிசம்பரில் 200 கழிக்கலாமா, அல்லது மற்ற ஐந்து வீட்டிலும் இதே கேள்வி வருமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது இந்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.