புது சேல்ஸ் பசங்களுக்கு ரோல் ப்ளே: உங்க அனுபவம் என்ன?

நெல்லை பீட்:
பிஸ்கட் டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். போன பேட்ச்ல 6 பேர். "இவர் கடைக்காரர், நீ சரக்கு வித்துக் காட்டு"ன்னு விட்டேன். முடிஞ்சதும் சுத்தி இருந்தவங்க சொன்னது: "நல்லா இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் தைரியமா பேசலாம்." அதே பையனோட மறுவாரம் மார்க்கெட்டுக்குப் போனேன். கடைக்காரர் "பழசே கிடக்குப்பா"ன்னார். பையன் நேரா ஸ்கீமுக்குத் தாவிட்டான். பயிற்சியிலயும் இதையேதான் செஞ்சான், ஒருத்தரும் குறிச்சு வைக்கல.

இப்போ ரெண்டு அட்டை எழுதுறேன். பையன் அட்டையில கடைசி பில், 5 நிமிஷ நேரம், அவ்வளவுதான். கடைக்காரர் அட்டையில கூடுதலா ஒரு சங்கதி: முன்னாடி வந்த சேல்ஸ்மேன் 12 டேமேஜ் பாக்கெட்டை எடுத்துட்டுப் போறேன்னு சொல்லிட்டு வரவே இல்ல. "ஏன் அண்ணாச்சி நகரல?"ங்கிற மாதிரி காரணம் கேட்டாதான் அதைச் சொல்லணும். ஸ்கீம் பேசினா "அடுத்த வாரம் பாப்போம்"னு மட்டும் சொல்லணும்.

பாக்கிறவங்களுக்கும் வேலை உண்டு. ஒருத்தர் பையன் பேசினதை அப்படியே எழுதணும், இன்னொருத்தர் கடைக்காரர் பேசினதை. கருத்து எழுதக்கூடாது. கடைசியில அந்தத் தாளைத்தான் படிப்போம்: "அண்ணாச்சி 'போன தடவையே...'ன்னு இழுத்தார். நீ '10 எடுத்தா 1 ஃப்ரீ'ன்னே. அவர் கல்லாப்பெட்டி பக்கம் திரும்பிட்டார்." உடனே அந்த வரியில இருந்து ஒன்றரை நிமிஷம் திரும்ப நடிக்க வைப்பேன். ரெண்டாந்தடவை பையன் "போன தடவை என்ன அண்ணாச்சி ஆச்சு?"ன்னு கேட்டுட்டான். டேமேஜ் கதை வெளிய வந்துச்சு.

உங்க இடத்துல எப்படி?

மாத்திரைப் பை:
10 வருஷமா மெடிக்கல் ரெப், இப்போ மேனேஜர். எங்க தப்பு நேரத்துல இருந்துச்சு. உட்கார வச்சு 10 நிமிஷம் நடிக்க விட்டோம். நிஜத்துல டாக்டர் நின்னபடியே ஒரு நிமிஷம் கொடுத்தா பெரிசு, அதுக்குள்ள அடுத்த பேஷண்ட் வந்துருவார். இப்போ 40 செகண்ட்ல "நெக்ஸ்ட்"னு குரல் கொடுத்துடுவோம். எந்த வாக்கியத்தை முதல்ல வச்சாங்கன்னு அப்பதான் தெரியுது.

கோவை குமரன்:
ஆளுங்களை எழுத வைக்கணுமா? போன்ல வீடியோ எடுத்து முழுசாப் போட்டுக் காட்டினா அவங்களே புரிஞ்சுப்பாங்க. நாங்க அப்படித்தான் பண்றோம்.

நெல்லை பீட்:
செஞ்சு பாத்தேன் தம்பி. பசங்க தங்களோட கையையும் முழியையும்தான் பாக்குறாங்க. என்ன பேசினோம்னு காதுல விழல. இப்போ தாள்ல குறிச்ச இடத்தை மட்டும் 30 செகண்ட் போடுறேன், அது உதவுது.

கோவை குமரன்:
எங்க பையன் ஒருத்தன் வீடியோ பாத்துட்டு "நான் ரொம்ப கறுப்பா தெரியறேன்"னான். நீங்க சொல்றது அதுதான் போல. ஆனா பேச்சு வேகத்துக்கு வீடியோ நல்லது, அதை விடமாட்டேன்.

ஹெச்ஆர் மீனா:
நல்ல முறையா இருக்கு சார். இதுல வாங்குற மார்க்கை வச்சு ப்ரொபேஷன் கன்ஃபார்ம் பண்ணலாமா? எத்தனை மார்க்குக்கு மேல பாஸ்னு வைக்கிறீங்க?

நெல்லை பீட்:
மார்க்கே போடல மேடம். மார்க் வந்தா பசங்க தெரிஞ்ச வரியை மட்டும்தான் பேசுவாங்க, புதுக் கேள்வியை முயற்சி பண்ண மாட்டாங்க.

மாத்திரைப் பை:
இதுல எனக்கு உடன்பாடு இல்ல. நாங்க ஃபீல்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி கடைசி நாள் மட்டும் மார்க் போடுறோம். மருந்தைப் பத்தித் தப்பாச் சொல்ற ஆளை டாக்டர் முன்னாடி நிறுத்த முடியாதே.

புது பீட் பையன்:
நான் பயிற்சியில இருந்தவன், 4 மாசம் ஆச்சு. எங்க ஏ.எஸ்.எம்., அதாவது ஏரியா சேல்ஸ் மேனேஜர்தான் கடைக்காரரா நடிச்சார். நான் என்ன கேட்டாலும் "வேண்டாம்". எந்தக் கேள்வி சரி, எது தப்புன்னே தெரியல, எல்லாத்துக்கும் ஒரே பதில். அன்னைக்கு ராத்திரி வேலையை விட்டுடலாம்னு நெனச்சேன். நிஜக் கடையில அவ்வளவு கடுமையா யாருமே இல்ல அண்ணே.

நெல்லை பீட்:
இதை நீ சொன்னது ரொம்ப நல்லது தம்பி. கடைக்காரர் எப்போ இறங்கி வருவார்னு அட்டையில எழுதாம விட்டா அப்படித்தான் ஆகும். என் அட்டையிலயும் பாதிதான் இருக்கு: கேட்டா கதை சொல்லணும்னு இருக்கு, அப்புறம் ஆர்டர் எப்போ கொடுக்கணும்னு இல்ல. "டேமேஜை இன்னைக்கே எண்ணி எழுதிக்கிட்டா, 1 கேஸ் எடுப்பார்; 'பாத்துச் சொல்றேன்'னா, எடுக்க மாட்டார்"னு சேர்க்கிறேன்.

புது பீட் பையன்:
அண்ணே, டேமேஜ் எழுதிக்கிற அதிகாரமே எங்க கம்பெனியில எனக்குக் கிடையாது. அப்போ நான் என்ன சொல்லணும்?

நெல்லை பீட்:
அப்போ உங்க ஆளுங்களுக்கு அந்த அட்டை பொருந்தாது. கிளைமுக்கு யார் கையெழுத்து, எத்தனை நாள் ஆகும்னு முதல்ல உங்க ஏ.எஸ்.எம்.கிட்ட கேளு. நிஜமா கொடுக்க முடிஞ்ச வாக்கை மட்டும்தான் அட்டையில எழுதணும்.