கோடிங் சொல்லித்தர, கட்டளை அட்டைகளை அடுக்கவைத்துக் கட்டத்தாளில் எறும்பு நகர்த்தியவர்களே, உங்கள் வகுப்பில் என்ன நடந்தது?

மூணாம் கிளாஸ் டீச்சர்:
சார்ட் பேப்பரில் அஞ்சுக்கு அஞ்சு கட்டம். இடது கீழ் மூலையில் எறும்பு, தலை மேலே பார்த்து. அங்கிருந்து ரெண்டு கட்டம் மேலே, ரெண்டு கட்டம் வலப்பக்கம் சர்க்கரை. முன்னே போ, வலம் திரும்பு, இடம் திரும்பு, இவ்வளவுதான் அட்டைகள். ஒரு பையன் "முன், முன், வலம், வலம்" என்று மளமளவென அடுக்கினான். அட்டைப்படியே நகர்த்தினேன். எறும்பு ரெண்டு கட்டம் ஏறியது, நின்ற இடத்திலேயே ரெண்டு தடவை திரும்பியது, வந்த வழியைப் பார்த்து நின்றது. "எறும்பு ஏமாத்துது மிஸ்" என்றான், கண் கலங்கி. "முன், முன், வலம், முன், முன்" என்று காட்டினேன், தலையாட்டினான். அடுத்த கணக்கில் மறுபடியும் வலம், வலம். அந்த முகம் மனசை விட்டுப் போகவே இல்லை.

ரெட்டைப் பசங்க அப்பா:
திரும்புற அட்டையே எதுக்கு? நாலு அம்புக்குறி போதும். சின்னப் பசங்களுக்கான கோடிங் ஆப் ஸ்க்ராட்ச் ஜூனியரில் வலது அம்பு போட்டா பூனை வலப்பக்கம் நகர்ந்துடும். எங்க வீட்ல அப்படித்தான், அழுகையே இல்லை. அட்டையை கெட்டியான காலண்டர் அட்டையில ஒட்டுங்க. அம்புக்கு ஒவ்வொரு நிறம் கொடுங்க. கட்டம் ஒண்ணு உள்ளங்கை அகலமாவது இருக்கணும், இல்லேன்னா பொம்மை கோட்டுமேல நிக்கும். அடுக்குறப்போ இடமிருந்து வலமா ஒரே வரிசையில வைக்கச் சொல்லுங்க.

நூலகத்தில் சொல்லித்தரும் அக்கா:
அம்புக்குறி அஞ்சு வயசுக்குச் சரிதான் சார். ஆனால் பெரிய பிள்ளைகளுக்கான ஸ்க்ராட்சில் திரும்பு என்றால் நின்ற இடத்தில் திரும்புவதுதான், பொத்தான் அழுத்தி நகர்த்தும் பீ-பாட் ரோபோ பொம்மையிலும் அப்படியே. என்றாவது ஒருநாள் அதைச் சந்தித்தே ஆகணும்.

டீச்சர், அந்தப் பையன் கவனக்குறைவாக வைக்கவில்லை. கட்டத்துக்கு ஒரு அட்டை என்று எண்ணியிருக்கிறான். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு அவனையே நிறுத்துங்கள். "வலம்" என்றால் பாதம் கட்டத்தைத் தாண்டக்கூடாது. குழந்தைகளுக்கான லோகோ கணினி மொழியில் கட்டளைப்படி நகரும் ஆமையை வைத்து, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் வலியுறுத்தியதும் இதைத்தான்: குழந்தை தானே ஆமையாக நடந்து பார்க்கணும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. எறும்பின் தலையைக் கீழே பார்க்க வைத்து, தாளின் வலப்பக்கம் சர்க்கரை வையுங்கள். "இடம்" வைக்க வேண்டிய இடத்தில் "வலம்" வைத்தால், எறும்பின் வலத்தை விட்டுத் தன் வலத்தைப் பார்க்கிறான். அதற்குத் தாளைச் சுற்றிப் போய் எறும்பின் பின்னால் நிற்கச் சொன்னால் போதும். ரெண்டுக்கும் ஒரே மருந்து ஆகாது.

யூகேஜி அம்மா:
தரை என்றதும் எனக்கு ஞாபகம் வருது. அட்டைப்படி நடந்து போய் ஒரு டப்பாவை எடுக்கணும். என் பொண்ணு ரோபோவா நின்னா, தோழி அட்டை வாசிச்சா. அட்டை தப்பு. ஆனா டப்பா எங்க இருக்குன்னு இவளுக்குத் தெரியுமே, தானா சரியா நடந்து எடுத்துட்டா. எல்லாரும் கைதட்டினாங்க. தப்பு அட்டை அப்படியே கிடந்தது, ஒருத்தரும் பார்க்கலை. எனக்கு அது இன்னும் உறுத்துது.

நூலகத்தில் சொல்லித்தரும் அக்கா:
உறுத்தணும்தான். ரோபோவாக நிற்கும் குழந்தைக்கு டப்பா இருக்கும் கட்டம் தெரியவே கூடாது. அட்டையை அடுக்கும் குழந்தைக்கு மட்டும் தாளில் குறித்துக் கொடுங்கள்.

மூணாம் கிளாஸ் டீச்சர்:
அக்கா, இன்று தரையில் நடக்க வைத்தேன். பாதத்தை நகர்த்தாமல் அழகாகத் திரும்பினான். தாளுக்கு வந்ததும் பழையபடி வலம், வலம். தரையிலிருந்து தாளுக்கு எப்படிக் கொண்டுவருவது? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

ரெட்டைப் பசங்க அப்பா:
நான் அப்பவே சொன்னேன், அம்புக்குறி போடுங்கன்னு.