காலையில் வெயிட், மாலையில் ஓட்டம்: உங்களுக்கு எங்கே இடறியது?

வீட்டுவேலைக்காரன்
வேலை நேரம் என் கையில் இருப்பதால் காலை ஏழுக்கு வெயிட், மாலை ஆறுக்கு ஓட்டம் என்று பிரித்துக்கொண்டேன். நடுவில் பதினொரு மணி நேரம் இருக்கிறதே, போதாதா என்ற நினைப்புதான். மூன்றாவது வாரம் வியாழக்கிழமை காலை ஸ்குவாட். 90 கிலோ, போன வாரம் ஐந்து ரெப்ஸ் சுலபமாகப் போன எடை. இரண்டாவது ரெப்பில் கீழே போனவன் எழவே முடியவில்லை. வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, தொடை மட்டும் யாருடையதோ மாதிரி இருந்தது. பார் ரேக்கின் குறுக்குக் கம்பியில் 'டங்' என்று உட்கார்ந்ததும் ஜிம்மே திரும்பிப் பார்த்தது. முந்தின நாள் மாலை 400 மீட்டரை ஆறு தடவை வேகமாக ஓடியிருந்தேன்.

இரும்புப்பிரியன்
அதான் சொல்றது, கார்டியோ கால் பலத்தைத் தின்றுவிடும். நான் நடைப்பயிற்சியோடு சரி. ஓட்டத்தை விட்டுவிடுங்கள், ஸ்குவாட் தானாக ஏறும்.

பழைய ட்ராக் ஆள்
தின்னாது தம்பி. 1980-இல் ஹிக்சன் என்ற ஆய்வாளர் செய்த சோதனையில் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் முதல் ஏழு வாரம் கால் பலம் ஏறியது, கடைசியில்தான் இறங்கியது. அவர்கள் செய்த அளவு அப்படி: வாரத்தில் ஐந்து நாள் வெயிட், ஆறு நாள் கடும் கார்டியோ.

வீட்டுவேலைக்காரரே, நீங்கள் இடைவெளியைத் தப்பான பக்கம் எண்ணியிருக்கிறீர்கள். காலைக்கும் மாலைக்கும் நடுவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, நல்லது. புதன் மாலைக்கும் வியாழன் காலைக்கும் நடுவில்? அதில் பாதி தூக்கம், சாப்பாடு ஒரே வேளை. வேக ஓட்டத்தை ஸ்குவாட் செய்த அன்றைக்கே மாலையில் வையுங்கள். மறுநாள் காலை பெஞ்ச், புல்லப் என்று மேல் உடம்பு மட்டும். ஓட்டம் கொஞ்சம் மந்தமாகத்தான் வரும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். காலை வெயிட் முடிந்ததும் சோற்றைக் குறைக்காமல் சாப்பிடுங்கள். மதியம் சாலட்டோடு நிறுத்தினால் மாலை மூன்றாவது ரவுண்டிலேயே தெரிந்துவிடும். தொடை தொட்டாலே வலிக்கிற வாரத்தில் ஓட்டத்துக்குப் பதில் சைக்கிள் மிதியுங்கள். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தொடை உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், சைக்கிளில் அது கிடையாது.

இரண்டு பிள்ளைகளின் அம்மா
எனக்கு மாலை என்றால் இரவு ஒன்பதுதான். பிள்ளைகள் தூங்கியதும் மொட்டை மாடியில் இருபது நிமிடம் ஸ்கிப்பிங். பத்தரைக்குப் படுத்தால் கண் மூடினாலும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும், ஒரு மணி வரை சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். காலையில் டெட்லிஃப்ட் எடுக்கக் குனிந்தாலே கொட்டாவி. எல்லாரும் இடைவெளி என்கிறீர்கள், படுக்கைக்கும் பயிற்சிக்கும் உள்ள இடைவெளியை யாரும் பேசவில்லையே?

இரும்புப்பிரியன்
ஸ்கிப்பிங்கும் கார்டியோதான் அக்கா :)

வீட்டுவேலைக்காரன்
ட்ராக் அண்ணா சொன்ன மாதிரி மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. 90 திரும்ப வந்துவிட்டது. ஆனால் ஸ்குவாட் அன்று மாலை 400 மீட்டருக்கு ஆறேழு விநாடி கூடுதலாகிறது. இவ்வளவு மந்தம் சரிதானா, இல்லை ரவுண்டைக் குறைக்கவா?