பழைய எலும்பிலிருந்து கணித்த உயரத்துக்கு ஒரு சொல் வேண்டும்

சிவகாமி, ஹட்டன்

குழுவினருக்கு வணக்கம். வரலாற்று ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இலங்கையில் வாழ்ந்த கற்கால மனிதனான பலாங்கொடை மனிதன் பற்றிய பகுதியில் ஒரே பக்கத்தில் மூன்று உயரங்கள் வருகின்றன. எலும்புகள் கிடைத்த இடம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், எலும்புகளை அடுக்கினால் வரும் உயரம், அந்த ஆள் உயிரோடு நின்றபோது இருந்த உயரம். மூன்றுக்கும் 'உயரம்' என்றே போட்டால் வாசிப்பவர் குழம்பிப்போவார். மூன்றாவதற்குத் தனிச்சொல் வேண்டும். இப்போதைக்கு 'நிலையுயரம்' என்று எழுதியிருக்கிறேன். சரிவருமா?

இராசையா, கண்டி

'நிலை' வேண்டாம், டீச்சர். நில் என்ற வேரிலிருந்து நிலை, நிலம், நிலையம் எல்லாம் பிறந்துவிட்டன; வாசற்கால் கூட நிலைதான். 'நிலையுயரம்' என்றால் கதவு எவ்வளவு உயரம் என்று கேட்பான். 'நெடுமை' இருக்கிறது. திருமாலை நெடியோன் என்றது அவன் நிமிர்ந்து நின்ற அளவை வைத்துத்தானே. இல்லையென்றால் 'ஓங்கல்'. அது ஓங்கு என்பதிலிருந்து வந்தது, மலைக்கும் பெயர். ஓங்கு, உயர், உச்சி என்று உகரத்திலும் ஓகாரத்திலும் மேல்நோக்கும் சொற்கள் ஒரு குடும்பமாகவே நிற்கின்றன. இதைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

செல்லத்துரை, பொகவந்தலாவை

பிள்ளைகளின் உயரத்தைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை செய்த காலத்தில் சுவரில் ஒட்டிய அளவுகோலில் நிறுத்தி, குதிகால் சுவரில் படுகிறதா என்று பார்த்துத்தான் குறிப்போம். 2016 கணக்கெடுப்பில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத சிறு பிள்ளைகள் நாடு முழுக்க 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம் அளவில். அது பரம்பரை அல்ல. சாப்பாடும் வயிற்றோட்டமும்தான் காரணம். இதற்கு நாங்கள் 'உயரம்' என்றுதான் எழுதினோம், யாரும் குழம்பவில்லை.

நிரோஷா, பதுளை

செல்லத்துரை ஐயா, இது மண்ணுக்குள் கிடந்த எலும்பைப் பற்றியது. ஆனால் கணக்கு பெரிய விஷயமில்லை. தொடை எலும்பின் நீளத்தை நாலால் பெருக்கினால் ஆளின் உயரம் வந்துவிடும் என்று வகுப்பில் சொன்னார்கள். வேட்டையாடிய காலத்தில் இறைச்சி தின்று நெடிதாக இருந்தார்கள், விவசாயம் வந்ததும் குள்ளமானார்கள். இவ்வளவுதானே? அதற்கு எதற்குப் புதுச்சொல்?

பரமேஸ்வரன், பேராதனை

நிரோஷா சொன்னதில் பாதி சரி. தொடையென்பு பலரிடம் உயரத்தின் கால் பங்குக்குச் சற்று அதிகம். நாலால் பெருக்கினால் மிகையாகிவிடும். 45 சென்ரிமீற்றர் தொடையென்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாலால் பெருக்கினால் 180. இப்போது 1952 இல் ட்ரொட்டரும் கிளேசரும் அமெரிக்க வெள்ளை ஆண்களுக்குத் தந்த சூத்திரத்தில் போடுங்கள். 2.38 ஆல் பெருக்கி 61.41 கூட்டினால் 168.5 வரும். அதே ஆய்வில் அமெரிக்கக் கறுப்பு ஆண்களுக்கு 2.11 ஆல் பெருக்கி 70.35 கூட்டச் சொல்கிறார்கள். அப்போது 165.3. எலும்பு ஒன்றுதான், மாறியது ஒப்பிட எடுத்த மக்கள் மட்டுமே. காலுக்கும் முண்டத்துக்கும் உள்ள விகிதம் எல்லா மக்களிடமும் ஒன்றல்ல. கால் நீண்ட மக்களின் எலும்பை மற்றவர்களின் சூத்திரத்தில் போட்டால் அவர்கள் இருந்ததைவிட நெடிதாகிவிடுவார்கள்.

அதனால்தான் 1956 இல் ஜோர்ஜ் ஃபுல்லி வேறு வழி போனார். நாசிகளின் மௌத்தவுசன் வதைமுகாமில் இறந்த பிரெஞ்சுக்காரர்களின் எலும்புக்கூடுகளும், அவர்கள் உயிரோடிருந்தபோது பதிந்த உயரங்களும் அவரிடம் இருந்தன. மண்டையோட்டின் உயரம், முள்ளந்தண்டின் ஒவ்வொரு முள்ளெலும்பு, தொடையென்பு, கீழ்க்காலின் பெரிய என்பு, கணுக்காலும் குதிகாலும், எல்லாவற்றையும் கூட்டினார். அந்தக் கூட்டுத்தொகை ஆளின் உயரம் ஆகாது. தலைத்தோல், குருத்தெலும்பு, உள்ளங்கால் சதை இவற்றுக்காக 10 முதல் 11.5 சென்ரிமீற்றர் வரை சேர்க்க வேண்டும். சிவகாமி டீச்சர் கேட்ட இரண்டாம், மூன்றாம் உயரங்களுக்கு நடுவில் இருப்பது இந்தச் சதைதான். ஆகவே இரண்டு சொல் கட்டாயம் வேண்டும்.

இந்த முறைக்கு விகிதத் தொல்லை இல்லை. ஆனால் முள்ளெலும்புகள் முழுசாகக் கிடைக்க வேண்டும். ஈரமும் புளிப்பும் உள்ள மண்ணில் மெல்லிய எலும்புகள்தான் முதலில் கரையும். எனவே பழைய எலும்புக்குப் பெரும்பாலும் சூத்திரம்தான் கதி.

இராசையா, கண்டி

அப்படியென்றால் கூட்டுத்தொகைக்கு 'என்புயரம்'. 'என்பும் உரியர் பிறர்க்கு' என்று குறளிலேயே இருக்கிறது, நம் பாடப்புத்தகமும் என்பு என்றுதான் சொல்கிறது. சதை சேர்த்ததற்கு 'மெய்ந்நெடுமை'.

சிவகாமி, ஹட்டன்

சேர், 'மெய்ந்நெடுமை'யைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் அதைக் கடவுளின் பெயர் என்று நினைப்பார்கள். 'ஆளுயரம்' எப்படி? கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலையை 'ஆளுயரம் வளர்ந்துட்டு' என்றுதான் இங்கே சொல்வார்கள். கேட்டவுடன் புரியும்.

இராசையா, கண்டி

அதுதான் தடையே. ஆளுயரம் என்பது ஏற்கெனவே ஓர் அளவு. ஆளுயர மாலை, ஓராள் ஆழக் கிணறு என்கிறோம். 'பலாங்கொடை மனிதனின் ஆளுயரம்' என்பதில் அளப்பதும் ஆள், அளக்கப்படுவதும் ஆள். போதாததற்கு ஆள் என்பது ஆளுதலோடும் தொடர்புடையது.

நிரோஷா, பதுளை

அப்போ சாப்பாட்டுக் கதை? விவசாயத்தில் குள்ளமானது பொய்யா?

பரமேஸ்வரன், பேராதனை

பொய்யில்லை. ஆனால் முழுவதும் இறைச்சியின் கதையும் இல்லை. கிரேக்கத்திலும் அதைச் சுற்றிய இடங்களிலும் லோரன்ஸ் ஏஞ்சல் கணித்தபடி பழங்கற்கால ஆண்கள் சுமார் 177 சென்ரிமீற்றர், புதிய கற்காலக் கடைசியில் சுமார் 161. ஒரே தானியத்தை நம்பிய உணவு, நெருக்கமான ஊர்கள், அதோடு வந்த தொற்றுநோய்கள் எல்லாம் சேர்ந்துதான் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. செல்லத்துரை ஐயா கேள்வியை மாற்றி எடுத்துக்கொண்டாலும், விஷயத்தைச் சரியாகத் தொட்டுவிட்டார். நீள என்புகள் வளர்வது இருபது வயதுக்குள். பெரியவனின் எலும்பு சொல்வது அவன் பிள்ளையாக இருந்தபோது தின்றதையும் பட்ட நோயையும்தான். நாற்பதில் வந்த பஞ்சம் அதில் பதியாது. சந்தேகமிருந்தால் பல்லைப் பார்ப்பார்கள். எனாமலில் குறுக்கே பள்ளக்கோடு இருந்தால், பல் உருவான வயதில் உடல் தடுமாறியிருக்கிறது என்று பொருள்.

இன்னொரு சிக்கல் உண்டு. சின்னதில் பட்டினி கிடந்த பிள்ளைகளில் இறந்துபோனவர்கள் பெரியவர்களின் சராசரிக்குள் வரவே மாட்டார்கள். எனவே நெடிய சராசரி எப்போதும் நல்ல காலத்தைக் காட்டாது. டீச்சர், பலாங்கொடை மனிதனுக்கு மானிடவியலாளர் கென்னடி 1965 இல் தந்த கணிப்பில் ஆண் சுமார் 174, பெண் சுமார் 166 என்று இருக்கிறது. அதைத் தனி எண்ணாக அச்சிடாதீர்கள். எனது கணக்கில் வந்த 168.5க்கே சூத்திரம் ஏறக்குறைய 3.3 சென்ரிமீற்றர் கூட்டல் கழித்தல் சொல்கிறது. அதுவும் முழு எலும்பு கையில் இருக்கும்போது.

செல்லத்துரை, பொகவந்தலாவை

அப்படியென்றால் எங்கள் பதிவேடுகளையும் சேர்த்துப் பார்க்கலாமே. ஆளுயரத்துக்கு என் வாக்கு.

நிரோஷா, பதுளை

எனக்கும் சரி. ஆனால் 'கணிப்பு' என்றால் சாதகம் பார்ப்பது மாதிரி இருக்கிறது. 'மதிப்பீடு' போடலாமா?

சிவகாமி, ஹட்டன்

மதிப்பீடு என்றால் ஆசிரியர்களுக்குப் பரீட்சைதான் நினைவுக்கு வரும். கணிப்பையே வைக்கிறேன். அச்சுக்குப் போவது இதுதான். எலும்புகளின் கூட்டுத்தொகைக்கு என்புயரம், உயிரோடு இருந்த அளவுக்கு ஆளுயரம். 174ஐ 'சுமார்' என்று போட்டு, எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும் என்று அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

இராசையா, கண்டி

என்புயரத்துக்கு நன்றி. ஆளுயரத்தை நான் ஏற்கவில்லை. 'ஆளுயரத் தேயிலை' என்று கையேட்டில் ஓரிடத்தில் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ஓங்கு, உயர் வேர்களைப் பற்றிய குறிப்பு தயாராகிறது, ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்.