"ஸ்டாப்ட் டு கிளீன்" என்று எழுதியது தப்பா? (பஹாவ், செம்பனை ஆலை)

ஆலைக்குப் புதுசு:
திருச்சியிலிருந்து வந்து பஹாவ் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் சேர்ந்திருக்கிறேன். ஷிப்ட் புத்தகம் ஆங்கிலத்தில்தான் எழுதணும். எண்ணெய் சலிக்கிற ஸ்கிரீனை ஒருவர் 2.10-க்குக் கழுவ ஆரம்பித்து, 2.40-க்குப் பாதியில் விட்டுவிட்டார். நான் "ஆப்பரேட்டர் ஸ்டாப்ட் டு கிளீன் த ஸ்கிரீன் அட் 2.40" என்று எழுதினேன். 2.40-க்கு ஏன் லைனை நிறுத்தினீர்கள் என்று மேனேஜர் கேட்கிறார். எங்கே தப்பு?

ஃபிட்டர் அண்ணன்:
தம்பி, லைன் நின்னுட்டா முதல்ல எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் அழுந்தி கிடக்கான்னு பாருங்க. அப்புறம் மோட்டார் ஓவர்லோடு.

ஆலைக்குப் புதுசு:
லைன் நிற்கவே இல்லை அண்ணே. எழுதின வாக்கியத்தைத்தான் கேட்கிறேன்.

டியூஷன் டீச்சர்:
நீங்கள் எழுதியதற்கு "கழுவுவதற்காக நின்றார்" என்று அர்த்தம். அதாவது 2.40-க்கு முன்னால் வேறு வேலை, 2.40-க்குத்தான் கழுவல் தொடக்கம். நடந்ததோ நேர்மாறு. "ஸ்டாப்ட் கிளீனிங் த ஸ்கிரீன் அட் 2.40" என்று எழுதியிருந்தால் "கழுவுவதை நிறுத்தினார்" என்று ஆகியிருக்கும்.

தமிழில் இந்தக் குழப்பமே வராது. நமக்கு நிற்பது வேறு சொல், நிறுத்துவது வேறு சொல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஸ்டாப் ஒன்றுதான், அதனால் வித்தியாசத்தைப் பின்னால் வரும் சொல் சுமக்கிறது. எழுதும் முன் தமிழில் சொல்லிப் பாருங்கள்: "செய்ய நின்றார்" என்றால் டு, "செய்வதை நிறுத்தினார்" என்றால் இங்.

புத்தகத்தில் பழைய வரியை அடித்துத் திருத்தாமல், கீழே புது வரியாக எழுதுங்கள். 2.10 முதல் 2.40 வரை கழுவல், முடியவில்லை என்று நேரத்தோடு போடுங்கள். ஸ்கிரீன் பாதிதான் சுத்தம் என்பது அடுத்த ஷிப்டுக்குத் தெரிய வேண்டும்.

கிராணி:
இவ்வளவு எதுக்கு? டு போட்டா இனிமே நடக்கப்போறது, இங் போட்டா முன்னாடியே நடந்தது. எல்லாத்துக்கும் அதே கணக்குதான்.

டியூஷன் டீச்சர்:
ஸ்டாப்புக்கும் ரிமெம்பருக்கும் அந்தக் கணக்கு சரி. ட்ரைக்கு உடைந்துவிடும். "ட்ரை ஓபனிங் த அதர் வால்வ்" என்று மேனேஜர் சொன்னால் நீங்கள் இன்னும் திறக்கவே இல்லை, ஆனாலும் இங்தான் வருகிறது. அது நம்முடைய "திறந்து பாருங்கள்". வால்வு திறக்கும், பிரச்சினை தீருமா என்பதுதான் சோதனை. "ஐ ட்ரைட் டு ஓபன் இட்" என்றால் "திறக்க முயன்றேன்". கேட்பவர் வால்வு இறுகிக் கிடக்கிறது என்றே எடுத்துக்கொள்வார், கையில் ஸ்பேனரோடு வருவார்.

ரிமெம்பரில்தான் கவனம் அதிகம் வேண்டும். "ஐ டிடின்ட் ரிமெம்பர் டு க்ளோஸ் த வால்வ்" என்றால் மூட மறந்துவிட்டேன், வால்வு திறந்தேதான் இருக்கிறது. "ஐ டோன்ட் ரிமெம்பர் க்ளோசிங் த வால்வ்" என்றால் மூடியதாக ஞாபகம் இல்லை. மூடியும் இருக்கலாம். முதலாவதைக் கேட்டால் ஓடிப்போய் மூட வேண்டும், இரண்டாவதைக் கேட்டால் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
டீச்சர், நான் கிளினிக்கில் பிரஷர் மாத்திரை பற்றி "ஐ ஸ்டாப்ட் டு டேக் த டேப்லட்" என்றேன். டாக்டர் "குட்" என்றார். ஒரு வாரமாக நான் மாத்திரையே போடவில்லை!

டியூஷன் டீச்சர்:
அக்கா, வேலையை நிறுத்தி மாத்திரை போட்டுக்கொண்டீர்கள் என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கும். இன்றைக்கே திரும்பப் போய் "ஐ ஸ்டாப்ட் டேக்கிங் இட், ஒன் வீக்" என்று சொல்லுங்கள். மலாய் வந்தால் இன்னும் நல்லது. "பெர்ஹெந்தி மாக்கான் உபாட்" என்றால் மருந்தை நிறுத்தியதுதான். நீங்கள் ஆங்கிலத்தில் சொன்ன வாக்கியத்தின் அர்த்தம் வர வேண்டுமானால் நடுவில் "உந்துக்" வரணும்.

கிராணி:
சரி, ட்ரை விஷயத்தை ஒத்துக்கிறேன். ஆனா மலாயில "சூபா புக்கா"ன்னா திறக்க முயல்றதும் அதுதான், திறந்து பார்க்கிறதும் அதுதான். அதே பழக்கத்துல இங்க பலர் ஆங்கிலத்திலயும் கலந்துதான் பேசுறாங்க. "ஐ ட்ரைட் டு கால் யூ"ன்னா கால் போகலைன்னு அர்த்தமா, நீங்க எடுக்கலைன்னு அர்த்தமா?

டியூஷன் டீச்சர்:
அங்கே எனக்கும் உறுதி இல்லை. "ட்ரைட் காலிங்" என்றால் மணி அடித்தது, எடுக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் சொல்கிறார்கள். புத்தகத்தில் எழுதும்போது "நோ ஆன்சர்" அல்லது "நோ லைன்" என்று பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஆலைக்குப் புதுசு:
புது வரி எழுதிவிட்டேன். "ஸ்டார்ட்டட் டு கிளீன் அட் 2.10" என்று போட்டிருக்கிறேனே, அதிலும் இதே சிக்கலா?

டியூஷன் டீச்சர்:
இல்லை தம்பி. ஸ்டார்ட்டுக்கு எது போட்டாலும் அர்த்தம் ஒன்றுதான். அப்படியே விடுங்கள்.