புதுப்பிப்பு: அக்செப்டன்ஸ் சர்டிபிகேட்ல கையெழுத்து வந்துடுச்சு

நான் முன்னாடி கேட்டது: "அம்பத்தூர்ல ஒரு பேக்டரிக்கு யுபிஎஸ் போட்டு 3 வாரம் ஆச்சு, சர்டிபிகேட்ல கையெழுத்து போட மாட்டேங்கிறாங்க, இன்ஸ்டாலேஷனுக்கான கடைசி 10% இன்வாய்ஸ் எப்படி போடறது?"

15 நாள் ஆனா தானா ஏத்துக்கிட்ட மாதிரின்னு ஒரு தம்பி சொன்னாரு, பிஓவை எடுத்துப் பார்த்தேன், அப்படி ஒரு வரியே இல்ல. இன்னொருத்தர் தன்னோட ஏஎம்சி பாக்கி கதையை சொன்னாரு, பாவம், ஆனா அது வேற விஷயம்.

வேலை செஞ்சது சீனியர் அண்ணன் சொன்னதுதான். மெயிண்டனன்ஸ் மேனேஜர் தயங்குனதுக்கு காரணம் கேபிள் டேக் ஒட்டாததும் பேட்டரி பேக்கப் டெஸ்ட் ரிப்போர்ட் குடுக்காததும்தான், கையெழுத்து போட்டா அதை நாங்க மறந்துடுவோம்னு பயம். அதனால சர்டிபிகேட்டை நானே பிஓ நம்பர், சீரியல் நம்பர், கமிஷனிங் தேதியோட டைப் பண்ணி, அந்த ரெண்டையும் கீழயே எழுதி, 7 நாள்ல முடிச்சு தர்றோம்னு சேர்த்து, எங்க இன்ஜினியரோட சர்வீஸ் ரிப்போர்ட்டையும் இணைச்சு நேர்லயே கொண்டு போனேன். "இப்படி எழுதி இருந்தா எனக்கு ஓகே சார்"னு உடனே போட்டாரு. சீலும் வாங்கிடுங்க, என்னோடதை சீல் இல்லன்னு அவங்க அக்கவுண்ட்ஸ்ல ஒரு தடவை திருப்பிட்டாங்க.

இன்வாய்ஸ் நேத்து போயாச்சு. வாரண்டி கமிஷனிங் தேதில இருந்தா கையெழுத்து தேதில இருந்தான்னு மட்டும் இன்னும் பேச்சு ஓடுது.