எஃபிஷியன்ஸி வேரியன்ஸ் 40,000 சாதகம் – அது காசா இல்லையா?

மணலி ஃபோர்மேன்: வால்வு பாடி மெஷினிங் பட்டறையில் ஃபோர்மேனாக இருக்கிறேன். திட்டத்துக்கும் நடந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் போன மாச வேரியன்ஸ் ஷீட்டில் ஃபிக்ஸட் ஓவர்ஹெட் எஃபிஷியன்ஸி 40,000 சாதகம் என்று வந்திருக்கிறது. கம்பெனிக்கு 40,000 மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அதே ஷீட்டில் கெபாசிட்டி 80,000 பாதகம் என்று என் தலையில் எழுதி, போனஸ் இல்லை என்கிறார் அக்கவுண்டண்ட். நியாயமா?

தண்டையார்பேட்டை காஸ்டிங்: முதலில் "மிச்சம்" என்பதை நிறுத்துங்க. ஷெட் வாடகை, மெஷின் தேய்மானம், சூப்பர்வைசர் சம்பளம் எல்லாம் நீங்க வேகமா வேலை செய்ததால் ஒரு பைசா குறைந்ததா? ஷீட்டை முழுசா போடுங்க, பேசுவோம்.

மணலி ஃபோர்மேன்: பட்ஜெட் 6,00,000. ஆன செலவு 6,30,000. 15 பேர், 8 மணி நேரம், 25 நாள் என்று 3,000 மணி நேரம் திட்டம். ஓடியது 2,600 மணி நேரம். பீஸுக்கு 2 மணி நேரம் ஸ்டாண்டர்ட். போட்டது 1,400 பீஸ்.

தண்டையார்பேட்டை காஸ்டிங்: 6 லட்சத்தை 3,000-ஆல் வகுத்தால் மணிக்கு 200 ரூபாய். 1,400 பீஸுக்கு ஸ்டாண்டர்ட் 2,800 மணி நேரம், அதனால் பீஸ்கள் மேல் ஏறியது 5,60,000. செலவு 6,30,000. ஆக மொத்தப் பள்ளம் 70,000.

அதில் எக்ஸ்பெண்டிச்சர் 30,000 பாதகம். கையிலிருந்து கூடுதலாகப் போன காசு இது ஒன்றுதான். மீதி 40,000 வால்யூம் பாதகம்: 3,000 மணி நேர வேலை வர வேண்டிய இடத்தில் 2,800 மணி நேர வேலைதான் வந்திருக்கிறது.

அந்த வால்யூமைப் பிரித்தால்தான் உங்கள் சண்டை வருகிறது. 400 மணி நேரம் ஓடவே இல்லை, 80,000 பாதகம், இது கெபாசிட்டி. ஓடிய 2,600-இல் 2,800-க்கான பீஸ் வந்தது, 200 மணி நேரம் லாபம், 40,000 சாதகம், இது எஃபிஷியன்ஸி. கணக்கு சரி. ஆனால் அந்த 40,000 கல்லாப்பெட்டிக்குள் வரவில்லை.

ராயபுரம் ராஜா: வந்துட்டாரு வாத்தியார். அவர் ஆளுங்க ஸ்டாண்டர்ட் வேகத்தில் ஓடியிருந்தா 2,600 மணி நேரத்துக்கு 1,300 பீஸ்தான் வந்திருக்கும். 100 பீஸ் கூட போட்டிருக்காரு. பீஸுக்கு 400 ஓவர்ஹெட், 100 பீஸுக்கு 40,000. இது காசு இல்லைன்னா என்னதான் காசு?

தண்டையார்பேட்டை காஸ்டிங்: 100 பீஸ் கூட வந்தது சரி. அதைப் பீஸுக்கு 400 என்று மதிப்பு போட்டதுதான் தப்பு. அந்த 400, வாடகையைப் பீஸ்களுக்குப் பங்கு போட்ட எண். ஃபோர்மேன் சார், பீஸ் விற்கிற விலையில் மெட்டீரியல், கரண்ட், டூல் போக எவ்வளவு நிற்கும்?

மணலி ஃபோர்மேன்: சுமார் 750. எங்களுக்கெல்லாம் மாசச் சம்பளம், அது தனி.

தண்டையார்பேட்டை காஸ்டிங்: அப்போ கேளுங்க. அந்த 100 பீஸ் விற்றிருந்தால் கம்பெனிக்கு வந்தது 75,000. விற்காமல் குடோனில் கிடந்தால் வந்தது பூஜ்யம், மெட்டீரியல் காசு வேறு முடங்கிக் கிடக்கும். எந்தக் கணக்கிலும் 40,000 இல்லை. போனஸ் கேட்பதானால் ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு 75,000-ஐ வைத்துக் கேளுங்க.

ராயபுரம் ராஜா: அதான் நானும் சொன்னேன். காசு இருக்கு!

தண்டையார்பேட்டை காஸ்டிங்: நீங்க சொன்னது 40,000.

ராயபுரம் ராஜா: 40,000-க்கு மேலயே இருக்குன்னு நீயே ஒத்துக்கினியே. போன தடவை மார்ஜினல் காஸ்டிங் பேச்சுலயும் இதே மாதிரிதான், நான் சொன்னதை வேற எண்ணுல திருப்பிச் சொல்லிட்டு ஜெயிச்ச மாதிரி போயிட்ட.

தண்டையார்பேட்டை காஸ்டிங்: மார்ஜினல் காஸ்டிங் பேச்சில் ஃபிக்ஸட் செலவைப் பீஸ் விலையில் சேர்த்தது நீங்க. அதே பழக்கம்தான் இங்கேயும்.

மாதவரம் செல்வி: 2023 டிசம்பர் புயல் மழையில் எங்க பேக்கிங் யூனிட்டில் முட்டி வரைக்கும் தண்ணி. ஒரு வாரம் திறக்கவே இல்லை. அதையும் கெபாசிட்டி பாதகம்னு என் அண்ணன் பேருல எழுதுனாங்க. இன்ஷூரன்ஸ்ல இந்த வேரியன்ஸை க்ளெய்ம் பண்ண முடியுமா?

தண்டையார்பேட்டை காஸ்டிங்: அம்மா, இன்ஷூரன்ஸ் பாலிசியைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம், வேரியன்ஸ் ஷீட்டை வைத்து க்ளெய்ம் வராது. ஆனால் நல்ல இடத்தைத் தொட்டீங்க. ஃபோர்மேன் சார், 25 நாளும் பட்டறை திறந்திருந்ததா?

மணலி ஃபோர்மேன்: 2 நாள் ரோட்டில் தண்ணி, ஷட்டரே தூக்கவில்லை. 23 நாள்தான்.

தண்டையார்பேட்டை காஸ்டிங்: அதைத்தான் உங்க அக்கவுண்டண்ட் மறைத்திருக்கிறார். நாளைக்கு 120 மணி நேரம், 2 நாளுக்கு 240. 48,000 ரூபாய் காலண்டர் வேரியன்ஸ் என்று தனியாகப் போக வேண்டும், காஸ்டிங் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கெல்லாம் இது தெரியும். மீதி 160 மணி நேரம், 32,000, அதுதான் திறந்திருந்த நாளில் சும்மா கிடந்த நேரம். அதற்கு மட்டும்தான் உங்களிடம் கேள்வி கேட்க முடியும்.

மணலி ஃபோர்மேன்: அந்த 160-ம் என் தப்பில்லை. வார்ப்பு லோடு லேட். பர்ச்சேஸ்காரரைக் கேளுங்க. ஐடில் டைம் கார்டில் "மெட்டீரியல் இல்லை" என்று தினமும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

தண்டையார்பேட்டை காஸ்டிங்: கார்டு இருந்தால் அதைக் காட்டுங்க. கார்டு இல்லாத இடத்தில் ஃபோர்மேன் பெயரில்தான் ஏறும், எல்லாப் பட்டறையிலும் அதுதான் நடக்கிறது. எக்ஸ்பெண்டிச்சர் 30,000 எதற்கு?

மணலி ஃபோர்மேன்: ஷெட் வாடகை 18,000 ஏறியது. ஜெனரேட்டர் மாச வாடகை 12,000, பட்ஜெட்டில் இல்லை.

ராயபுரம் ராஜா: அப்போ 30,000-ம் அவர் மேல இல்லை, 48,000-ம் இல்லை, 32,000-ம் பர்ச்சேஸ். மிச்சம் நிக்கிறது 40,000 சாதகம். குடுங்கப்பா போனஸை.

தண்டையார்பேட்டை காஸ்டிங்: மறுபடியும் 40,000! இன்னொன்று: அந்த 2 மணி நேர ஸ்டாண்டர்ட் எப்போது போட்டது? புது டூல் வந்த பிறகும் பழைய நேரத்தையே வைத்திருந்தால், ஆளுங்க கூடுதலாக உழைக்காவிட்டாலும் எஃபிஷியன்ஸி சாதகமாகத்தான் காட்டும்.

மணலி ஃபோர்மேன்: கார்பைட் இன்சர்ட்டுக்கு மாறி கொஞ்ச நாள் ஆகிறது. ஆனால் வேகம் என் ஆளுங்களோடது.

தண்டையார்பேட்டை காஸ்டிங்: இன்சர்ட் வந்தபின் பீஸுக்கு ஆகிற நேரத்தைப் புதுசா அளந்து டைம் ஸ்டடி எடுத்தார்களா?

ராயபுரம் ராஜா: இப்ப இன்சர்ட் மேல பாய்றான். டூல் போட்டா மட்டும் போதுமா, ஓட்டுறவன் வேணாமா? வெளியூர்லேருந்து ஏசி ரூம்ல உக்காந்து எழுதுற ஆளுக்கு லேத் சத்தம் தெரியுமா?

தண்டையார்பேட்டை காஸ்டிங்: நான் பிறந்ததே தண்டையார்பேட்டையில். அப்பா டர்னர். லேத் சத்தத்தை எனக்குச் சொல்லித்தர வேண்டாம். கேட்டதற்குப் பதில்: டைம் ஸ்டடி எடுத்தார்களா, இல்லையா?

மாதவரம் செல்வி: என் அண்ணன் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலையே. புயல் 48,000-ஐ யார் பேருல போடணும்?

தண்டையார்பேட்டை காஸ்டிங்: அந்த 48,000 இந்தப் பட்டறையின் கணக்கு, உங்களுடையது இல்லை. யார் பெயரிலும் போட வேண்டாம், அந்த மாச லாபநஷ்டத்திலேயே எழுத வேண்டும். ஸ்டாக் மதிப்புக்கான கணக்கியல் தரநிலை ஏ.எஸ். 2 விதியே அப்படித்தான்: உற்பத்தி குறைந்ததால் மீந்த ஓவர்ஹெட்டை ஸ்டாக் மேல் ஏற்றக் கூடாது.

ராயபுரம் ராஜா: விதி, விதி. 40,000 சாதகம்னு ஷீட்டுல அச்சாயிருக்கு. அச்சானது அச்சானதுதான்.

தண்டையார்பேட்டை காஸ்டிங்: டைம் ஸ்டடி?

மணலி ஃபோர்மேன்: நாளைக்கு ஸ்டாக் ரிஜிஸ்டர் பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் 40,000-ஐ விட மாட்டேன்.